சிறு தொழிற்சாலைக்கு இளம் டெக்னீஷியன்களை வரவழைப்பது எப்படி: வேலைத் தாள் முதல் 90-வது நாள் வரை

இருபது முதல் அறுபது பேர் வேலை செய்யும் மெஷின் ஷாப், ஃபேப்ரிகேஷன் பட்டறை, பேக்கிங் லைன் போன்ற இடங்களை நடத்துபவர்களுக்கான வழிகாட்டி இது. தனி எச்.ஆர். துறை கிடையாது, விளம்பரத்துக்குப் பெரிய பட்ஜெட் கிடையாது, ஆனால் வருடத்துக்கு நாலைந்து இளம் டெக்னீஷியன்கள் கட்டாயம் வேண்டும் என்ற நிலையில் இருப்பவர்கள் படிக்கலாம்.

'எம்ப்ளாயர் பிராண்டிங்' என்றதும் லோகோ, வீடியோ, சோஷியல் மீடியா பக்கம் என்று நினைவு போகும். சிறு தொழிற்சாலைக்கு அதன் பொருள் எளிது. உங்களிடம் வேலை பார்க்கும் ஒரு பையனை அவனுடைய வகுப்புத் தோழன் போனில் கூப்பிட்டு "அங்க எப்படிடா?" என்று கேட்கிறான். அதற்கு வரும் பதில்தான் உங்கள் பிராண்ட். அந்தப் பதிலை மாற்றுவதற்கான படிகளைத்தான் கீழே எழுதியிருக்கிறோம்.

செலவுகளைப் பணமாகச் சொல்லாமல், புதிதாகச் சேரும் டெக்னீஷியன் ஒருவரின் மாதச் சம்பளத்தை 100 என்று வைத்துச் சொல்கிறோம். உங்கள் ஊர்க் கணக்குக்கு மாற்றிக்கொள்ளலாம். விளக்கத்துக்காக, 38 பேரும் 9 சிஎன்சி மெஷினும் உள்ள ஒரு கற்பனைத் தொழிற்சாலையைக் கடைசி வரை எடுத்துக்கொள்வோம்.

## 1. ஓட்டை எங்கே என்று முதலில் எண்ணுங்கள்

தேவையானவை: கடந்த 12 மாத வருகைப் பதிவேடு, கொடுத்த ஆஃபர் லெட்டர்களின் நகல், சம்பளப் பட்டியல், விசாரிக்க வந்த போன் கால்களின் பதிவு. கடைசியாகச் சொன்னது பெரும்பாலும் இருக்காது. அலுவலகப் போனின் கால் பட்டியலையும் செக்யூரிட்டியின் நோட்டையும் வைத்து ஓரளவு தேற்றிவிடலாம். அரை நாள் வேலை.

ஐந்து எண்களை எடுங்கள்: விசாரித்தவர்கள், நேரில் வந்தவர்கள், தேர்வானவர்கள், வேலைக்குச் சேர்ந்தவர்கள், 90-வது நாளிலும் இருந்தவர்கள். நம் எடுத்துக்காட்டுத் தொழிற்சாலையில் அது இப்படி வருகிறது என்று வைத்துக்கொள்வோம்: 48, 26, 15, 11, 4.

விசாரிப்பவர்களே குறைவு என்றால் உங்களைப் பற்றி வெளியே தெரியவில்லை. விசாரித்தும் வராவிட்டால் போனில் கிடைத்த பதிலோ, பதில் வந்த வேகமோ சரியில்லை. தேர்வாகியும் சேராவிட்டால் ஆஃபர் தாமதமாகப் போயிருக்கும், அல்லது பேசிய சம்பளம் ஒன்று, தாளில் இருந்தது வேறு. சேர்ந்த பிறகு போகிறார்கள் என்றால், வெளியே சொன்னதும் உள்ளே நடப்பதும் பொருந்தவில்லை.

மேலே உள்ள தொழிற்சாலையில் பெரிய ஓட்டை கடைசியில் இருக்கிறது. 11 பேரில் 7 பேர் போய்விட்டார்கள். இந்த நிலையில் விளம்பரம் செய்தால் நஷ்டம்தான். கூடுதலாக இருபது பேர் வருவார்கள், அதில் பதின்மூன்று பேர் மூன்று மாதத்துக்குள் வெளியே போய் உங்களைப் பற்றிப் பேசுவார்கள். பலர் விழும் குழி இதுதான். ஆள் இல்லை என்ற பதற்றத்தில் நேராக விளம்பரத்துக்குப் போய்விடுகிறார்கள்.

போனவர்கள் எந்த நாளில் போனார்கள் என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். தேதி நிறையச் சொல்லும். முதல் மூன்று வாரத்தில் போனால் வேலைச் சூழலிலோ ஷிப்டிலோ பிரச்சினை. சம்பளம் போட்ட மறுநாள் போனால் கையில் வந்த தொகை எதிர்பார்த்தது இல்லை. ஆறு மாதம், ஒரு வருடம் கழித்துப் போனால் மேலே போக வழி தெரியவில்லை. நம் கணக்கில் 4 பேர் மூன்று வாரத்துக்குள்ளும், 3 பேர் இரண்டாவது சம்பளத்துக்குப் பிறகும் போனார்கள் என்று வைத்துக்கொள்வோம்.

## 2. இருப்பவர்களையும் போனவர்களையும் கேளுங்கள்

முதலாளி கேட்கக் கூடாது, சூப்பர்வைசரும் கேட்கக் கூடாது. இருவரிடமும் "எல்லாம் நல்லாத்தான் இருக்கு சார்" என்ற பதில்தான் வரும். கணக்குப் பிரிவில் இருப்பவரோ, வெளியிலிருந்து வரும் ஆடிட்டர் அலுவலக ஆளோ கேட்டால் போதும். ஒருவருக்கு 20 நிமிடம். முப்பது வயதுக்குக் கீழே உள்ள எல்லோரையும், கடந்த வருடம் வேலையை விட்டவர்களில் போன் எடுப்பவர்களையும் கேளுங்கள். விட்டுப்போய் ஒரு மாதமாவது ஆனவர்கள்தான் மனம் திறந்து பேசுவார்கள். போகும் அன்று கேட்டால் "வீட்டுல பிரச்சினை" என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவார்கள்.

நான்கு கேள்வி போதும்:

- சேருவதற்கு முன் உங்களைத் தயங்க வைத்தது எது?
- முதல் வாரத்தில் நீங்கள் எதிர்பார்க்காத விஷயம் எது?
- கடைசியாக எப்போது 'விட்டுடலாமா' என்று தோன்றியது, அன்று என்ன நடந்தது?
- உங்கள் நண்பர் கேட்டால் இங்கே வரச் சொல்வீர்களா, எதைச் சொல்லி எச்சரிப்பீர்கள்?

பதிலை அவர்கள் சொன்ன வார்த்தையிலேயே எழுதிக்கொள்ளுங்கள். "பணிச்சூழல் திருப்தியில்லை" என்று மாற்றி எழுதினால் பயன் போய்விடும். "திங்கட்கிழமை காலையில மெஷினைத் திறந்தா நாத்தம் தாங்கல" என்று எழுதினால்தான் எதைச் சரிசெய்வது என்று தெரியும். பெயரை எழுத வேண்டாம். பத்துப் பேருக்குக் கீழே கேட்டால் யார் சொன்னது என்று ஊகிக்க முடியும், அதனால் தொகுப்பை மட்டும் முதலாளியிடம் கொடுங்கள்.

## 3. திங்கட்கிழமை நாற்றத்தைச் சரிசெய்யுங்கள்

மெஷின் ஷாப்பில் இளைஞர்கள் சொல்லும் குறைகளில் கூலன்ட் நாற்றம், கையில் அரிப்பு, கழிவறை, லாக்கர் ஆகியவை அடிக்கடி வரும். சம்பளத்தை விடக் குறைந்த செலவில் தீருபவை இவை. ஆனால் பழகிப்போனவர்களின் மூக்குக்கு அந்த நாற்றம் தெரியாது. வெளியிலிருந்து வரும் பையனுக்கு கேட்டிலேயே தெரிந்துவிடும்.

கூலன்ட் நாறுவதற்குக் காரணம் இருக்கிறது. மெஷினின் ஸ்லைடு வேயிலிருந்து ஒழுகும் ஆயில் கூலன்ட் தொட்டியின் மேல் படலமாக மிதக்கும். வார விடுமுறையில் பம்ப் ஓடாது. படலத்துக்குக் கீழே காற்று போகாததால் ஆக்ஸிஜன் தேவைப்படாத பாக்டீரியா பெருகி, அழுகிய முட்டை வாசனையுள்ள வாயுவை விடும். திங்கள் காலை பம்பைப் போட்டதும் அத்தனையும் கிளம்பும். இன்னொரு காரணம், தொட்டி குறைந்ததும் வெறும் தண்ணீரை ஊற்றி நிரப்புவது. கூலன்ட் நீர்த்துப்போனால் பாக்டீரியாவுக்குக் கொண்டாட்டம். கைக்கு அரிப்பு வரும், மெஷினும் துருப்பிடிக்கும்.

செய்ய வேண்டியது: ஒரு ரிஃப்ராக்டோமீட்டர் வாங்கி வாரம் இரண்டு முறை ஒவ்வொரு தொட்டியையும் அளந்து, மெஷின் கதவில் ஒட்டிய அட்டையில் எழுதுங்கள். கருவி காட்டும் எண்ணை அந்தக் கூலன்ட்டுக்கான பெருக்கு எண்ணால் பெருக்க வேண்டும். அது சப்ளையரின் தாளில் இருக்கும். இதை மறந்துவிட்டு நேரடி எண்ணை எடுத்துக்கொள்வது வழக்கமான தவறு. பொதுவாக 5 முதல் 10 சதவீதம் வரை கேட்பார்கள், உங்கள் கூலன்ட்டின் தாள் சொல்வதையே பின்பற்றுங்கள். நிரப்பும்போது வெறும் தண்ணீர் வேண்டாம், மெல்லிய கலவையாக ஊற்றுங்கள். கலக்கும்போது தண்ணீரில்தான் கான்சன்ட்ரேட்டை ஊற்ற வேண்டும். மாற்றிச் செய்தால் சரியாகக் கலக்காது. பிஹெச் பட்டையால் பாருங்கள். புதுக் கலவை 9-ஐ ஒட்டி இருக்கும், 8.5-க்குக் கீழே இறங்கினால் பாக்டீரியா வேலையைத் தொடங்கிவிட்டது என்று பொருள். மிதக்கும் ஆயிலை எடுக்க ஒரு பெல்ட் ஸ்கிம்மர் போடுங்கள். அது இல்லாவிட்டால் சனிக்கிழமை ஷிப்ட் முடியும்போது கையாலாவது எடுத்துவிடுங்கள்.

மற்றதைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். தாழ்ப்பாளும் தண்ணீரும் உள்ள கழிவறை, பெண்களுக்குத் தனியாக ஒன்றும் உடை மாற்றும் அறையும், பூட்டுப் போட முடிகிற லாக்கர், சாப்பிட உட்கார மேசை. இவை இல்லாமல், 5-வது படியில் வரும் வேலைத் தாளை வெளியிட வேண்டாம்.

## 4. சம்பளப் படிக்கட்டு

இளைஞர்கள் போவதற்குக் குறைந்த சம்பளம் மட்டும் காரணமாக இருப்பதில்லை. அடுத்த உயர்வு எப்போது, எதைக் கற்றால், யார் முடிவு செய்வார்கள் என்று எதுவும் தெரியாததும் ஒரு காரணம். "நல்லா வேலை செஞ்சா பாத்துக்கலாம்" என்ற வாக்கியத்துக்கு அவர்கள் மதிப்புக் கொடுப்பதில்லை. கொடுக்காததில் தவறும் இல்லை.

நான்கு நிலை போதும். டர்னிங் பிரிவுக்கு இப்படி எழுதலாம்:

நிலை 1 (சம்பளம் 100). பீஸ் மாட்டுவது, கழற்றுவது, பிசிறு நீக்குவது, வெர்னியரிலும் மைக்ரோமீட்டரிலும் அளந்து தாளில் எழுதுவது.

நிலை 2 (112). தேய்ந்த இன்சர்ட்டை மாற்றுவது, அளவு நகர்ந்தால் வேர் ஆஃப்செட் திருத்துவது, எப்போது மெஷினை நிறுத்த வேண்டும் என்று தெரிந்திருப்பது.

நிலை 3 (130). டிராயிங்கைப் பார்த்துத் தனியாக ஜாப் செட் செய்வது. சாஃப்ட் ஜா போரிங், டூல் ஆஃப்செட் எடுப்பது, முதல் பீஸை ஒப்புதலுக்குக் கொண்டுபோவது.

நிலை 4 (155). புரோகிராம் எழுதுவது, சைக்கிள் டைம் குறைப்பது, இன்னொருவருக்குக் கற்றுத்தருவது.

ஒவ்வொரு நிலைக்கும் ஒரு சோதனை வேண்டும், அதன் அளவுகோல் எழுத்தில் இருக்க வேண்டும். நிலை 3-க்கு எடுத்துக்காட்டு: முன்பு பார்க்காத ஒரு டிராயிங், 3 மணி நேரம், விட்டம் ±0.02 மி.மீ.க்குள் தொடர்ந்து 5 பீஸ். சூப்பர்வைசரும் தரப் பிரிவு ஆளும் சேர்ந்து கையெழுத்திட வேண்டும். ஒருவர் மட்டும் கையெழுத்துப் போட்டால் அது விருப்பு வெறுப்பில் போய் முடியும். சோதனை கேட்டால் 15 நாளுக்குள் வைக்க வேண்டும், தேறினால் அடுத்த மாதச் சம்பளத்திலேயே உயர்வு வர வேண்டும். இந்த இரண்டு காலக்கெடுவும் இல்லாத படிக்கட்டு வெறும் சுவரொட்டி.

இங்கே ஒரு பெரிய பொறி இருக்கிறது. படிக்கட்டை வெளியே ஒட்டும் முன், இப்போது இருப்பவர்களை அதில் வைத்துப் பாருங்கள். நான்கு வருடமாக நிலை 3 வேலையைச் செய்யும் ஒருவர் 118 வாங்கிக்கொண்டிருக்கலாம். தாளில் 130 என்று ஒட்டினால் மறுநாள் அவர் உங்கள் அறை வாசலில் நிற்பார். நிற்காவிட்டால் இன்னும் மோசம், வேறு இடம் பார்க்கத் தொடங்கியிருப்பார். புதியவர்களுக்குக் கற்றுத்தர வேண்டியவரும் அவர்தான்.

கணக்குப் போட்டுவிடலாம். அப்படி 6 பேர், ஒவ்வொருவருக்கும் 12 கூட்ட வேண்டும் என்றால் மாதம் 72, வருடம் 864. இப்போது மறுபக்கம். மூன்று வாரத்துக்குள் போன 4 பேருக்குச் சராசரியாக 0.6 மாதச் சம்பளம், இரண்டாவது சம்பளத்துக்குப் பின் போன 3 பேருக்குத் தலா 2 மாதம். மொத்தம் 8.4 மாதச் சம்பளம், அதாவது 840. பெரும்பகுதி பயிற்சியிலேயே கழிந்த நாட்களுக்கான தொகை இது. கற்றுத்தந்தவரின் நேரம், கெட்டுப்போன பீஸ்கள், சும்மா நின்ற மெஷின் எதையும் இதில் சேர்க்கவில்லை. இரண்டு எண்ணும் ஏறக்குறைய ஒன்றுதான் என்று தெரிந்தால் முதலாளியிடம் பேசுவது எளிது. உங்கள் கணக்கில் உயர்வுத் தொகை மிக அதிகமாக வந்தால் படிக்கட்டை இரண்டு கட்டமாக அமல்படுத்துங்கள், ஆனால் பழையவர்களுக்கு முதலில்.

## 5. ஒரு பக்க வேலைத் தாள்

இந்த வேலை முழுவதற்கும் மையம் இந்தத் தாள்தான். போனில் பதில் சொல்பவர், பயிற்சி நிலைய ஆசிரியர், விசாரிக்கும் பெற்றோர், வேலையில் இருக்கும் நண்பர் எல்லோரும் ஒரே தாளைப் பார்த்துப் பேச வேண்டும். ஒரு பக்கத்துக்கு மேல் போகக் கூடாது. கைபேசியில் படம் எடுத்து அனுப்பினாலும் எழுத்து தெரிய வேண்டும்.

வழக்கமான விளம்பரம் இப்படி இருக்கும்: "முன்னணி நிறுவனத்துக்குத் துடிப்பான சிஎன்சி ஆபரேட்டர்கள் தேவை. சிறந்த சம்பளம். குடும்பம் போன்ற சூழல்." இதில் ஒரு தகவல்கூட இல்லை. 'குடும்பம் போன்ற சூழல்' என்றால் ஓவர்டைமுக்குப் பணம் கிடையாது என்று பல இளைஞர்கள் புரிந்துகொள்கிறார்கள்.

அதற்குப் பதிலாக:

> வேலை: சிஎன்சி டர்னிங் ஆபரேட்டர், நிலை 1. 2 இடம்.
> என்ன செய்கிறோம்: பம்ப் ஷாஃப்ட், வால்வு பாகங்கள். 6 டர்னிங் மெஷின், 3 மில்லிங் மெஷின்.
> ஷிப்ட்: 6–2, 2–10, 10–6. முதல் 8 வாரம் காலை ஷிப்ட் மட்டும். அதன்பின் 4 வாரத்துக்கு ஒரு வாரம் இரவு.
> ஓவர்டைம்: கடந்த 3 மாதச் சராசரி, ஒருவருக்கு மாதம் 14 மணி நேரம். வேண்டாம் என்று சொல்லலாம்.
> சம்பளம்: மொத்தம் ____, பிடித்தம் ____, கையில் வருவது ____. ஓவர்டைம் ஒரு மணி நேரத்துக்கு ____. வழங்கும் தேதி ____.
> அடுத்த நிலை: நிலை 2 சோதனை 4-வது மாதத்திலிருந்து. தேறினால் 12 சதவீதம் உயர்வு.
> கற்றுத்தருபவர்: (பெயர்), நிலை 4, 9 வருட அனுபவம்.
> நாங்கள் தருவது: சேஃப்டி ஷூ, கண்ணாடி, 2 செட் சீருடை, லாக்கர். இவற்றுக்குப் பிடித்தம் இல்லை.
> கஷ்டமானது: பெரும்பாலும் நின்றபடி வேலை. 12 கிலோ வரை தூக்க வேண்டும். கூலன்ட் கையில் படும். முதல் மாதம் ஒரே வேலை திரும்பத் திரும்ப வரும்.
> பதில்: இந்த எண்ணுக்குச் செய்தி அனுப்பினால் அதே நாளில் பதில். ____
> தாளின் தேதி: ____

'கஷ்டமானது' என்ற வரியை எடுத்துவிடச் சொல்லி யாராவது வற்புறுத்துவார்கள். எடுக்காதீர்கள். அதைப் படித்து வராமல் போகிறவர், படிக்காமல் வந்தால் மூன்றாவது வாரத்தில் போயிருப்பார். அதோடு, கெட்டதையும் எழுதியிருப்பதால் நல்லதாக எழுதிய மற்ற வரிகளை நம்புவார்கள்.

எழுதக் கூடாதது ஒன்று: உங்களால் காப்பாற்ற முடியாத எதையும். நம் எடுத்துக்காட்டில் முதல் மூன்று வாரத்தில் போன நால்வருக்கும் "நைட் ஷிப்ட் அப்புறம்தான்" என்று சொல்லிவிட்டு இரண்டாவது வாரமே போட்டிருந்தால், தாளில் 8 வாரம் என்று எழுதுவதற்கு முன் உற்பத்தித் திட்டத்தைப் போடுபவர் அதில் கையெழுத்திட வேண்டும். அவசர ஆர்டர் வந்தால் யாரைப் போடுவது என்று அப்போதே முடிவாகட்டும். கையில் வரும் தொகையைச் சம்பளம் போடுபவர் சரிபார்க்க வேண்டும். இரண்டாவது சம்பளத்துக்குப் பின் போன மூவரின் கதை பெரும்பாலும் இந்த வரியில்தான் இருக்கும். முதல் மாதம் பாதி நாள் சம்பளம் என்பதால் வித்தியாசம் தெரிந்திருக்காது, இரண்டாவது மாதம்தான் பிடித்தம் கண்ணில் பட்டிருக்கும்.

தாள் தயாரானதும், கடந்த இரண்டு வருடத்தில் சேர்ந்த மூன்று பேரிடம் கொடுத்து "இதில் பொய் எது?" என்று கேளுங்கள். அவர்கள் அடிக்கோடிடும் வரியை மாற்றுங்கள், அல்லது நிலைமையை மாற்றுங்கள்.

## 6. படமும் வீடியோவும்

செலவு கிட்டத்தட்ட பூஜ்யம். கைபேசி போதும், 40 விநாடி போதும். நிலை 2-இல் இருக்கும் ஒருவர் தன் மெஷின் முன் நின்று, காலையில் வந்ததும் என்ன செய்கிறார் என்று தன் பேச்சிலேயே சொன்னால் போதும். எழுதிக்கொடுத்து ஒப்பிக்க வைத்தால் முதல் வார்த்தையிலேயே தெரிந்துவிடும். மெஷின் சத்தத்தில் குரல் அமுங்கும், அதனால் பேச்சைத் தனியாகப் பதிந்து படத்தோடு சேர்த்துக்கொள்ளுங்கள்.

வெளியிடும் முன் தொழில் தெரிந்த ஒருவர் படத்தை நிறுத்தி நிறுத்திப் பார்க்க வேண்டும். சுழலும் சக் அருகே கையுறை போட்ட கை, மோதிரம், தொங்கும் சட்டைக் கை, திறந்த கதவோடு ஓடும் மெஷின், ஏர் கன்னால் உடம்பைத் தட்டிக்கொள்வது. இதில் ஒன்று இருந்தாலும் பயிற்சி நிலைய ஆசிரியர் தன் மாணவர்களை அனுப்ப மாட்டார். கையுறையைப் பாதுகாப்பு என்று நினைத்து வேண்டுமென்றே மாட்டி நடிப்பவர்களும் உண்டு. சுழலும் மெஷினில் கையுறை சிக்கினால் கையையும் சேர்த்து இழுத்துவிடும். வீடியோவில் இதைப் பார்த்தால் வீடியோவை நீக்குவதோடு நிற்காமல் ஷாப்பிலும் நிறுத்துங்கள்.

ஆவணம் இரண்டு. படத்தில் இருப்பவரின் எழுத்து சம்மதம், அவர் வேலையை விட்டால் படத்தை நீக்குவோம் என்ற வரியோடு. வாடிக்கையாளரின் டிராயிங், பெயர், பாகம் எதுவும் தெரியவில்லை என்ற உறுதி. ரகசிய ஒப்பந்தம் இருந்தால் பாகத்தின் நிழல்கூடப் பிரச்சினையாகலாம்.

இணைய வரைபடத்தில் உங்கள் தொழிற்சாலையின் இடம், போன் எண், நேரம் சரியாக இருக்கிறதா என்றும் பாருங்கள். நேர்காணலுக்கு வந்தவர் பின்பக்கச் சுவரைச் சுற்றிக்கொண்டிருப்பது அடிக்கடி நடக்கிறது. கேட் இருக்கும் இடத்தில் குறி இருக்கட்டும். அங்கே பழைய ஊழியர் யாராவது திட்டி எழுதியிருந்தால் வாதாடாமல், எது மாறியிருக்கிறது என்று இரண்டு வரியில் பதில் எழுதுங்கள். மாறவில்லை என்றால் பதில் வேண்டாம்.

## 7. பயிற்சி நிலையத்துக்குப் போவது

கடைசித் தேர்வு முடிந்தபின் போனால் நல்ல மாணவர்களைப் பெரிய நிறுவனங்கள் அள்ளிப்போயிருக்கும். தேர்வுக்கு நான்கு மாதம் முன்பே போங்கள். வேலைவாய்ப்பு அலுவலரைப் பார்ப்பது மரியாதைக்கு. பேச வேண்டியது ஒர்க்‌ஷாப் ஆசிரியரிடம். எந்தப் பையன் கை நிதானமானவன், யார் அளவை மறைக்காமல் எழுதுவார் என்று அவருக்குத்தான் தெரியும்.

வெறுங்கையோடு போகாதீர்கள். மிச்சமான ராட் துண்டுகள், இன்னொரு முனை மீதியுள்ள இன்சர்ட்டுகள், அளவு தவறிய பீஸ்கள் ஆகியவை அவருக்கு உண்மையில் பயன்படும். வாடிக்கையாளர் பாகமாக இருந்தால் அவர்கள் அனுமதி வேண்டும். அங்கே பேச முதலாளியை விட, அதே நிலையத்தில் இரண்டு வருடம் முன் படித்து இப்போது உங்களிடம் இருப்பவரை அழைத்துப்போங்கள். அவரிடம்தான் மாணவர்கள் நிஜக் கேள்வி கேட்பார்கள். நீங்கள் அந்த நேரம் வெளியே தேநீர் குடிக்கப் போய்விடுவது நல்லது.

அடுத்து 8 முதல் 10 மாணவர்களை அரை நாள் உள்ளே வரவழையுங்கள். நிலையத்தின் அனுமதிக் கடிதம், மாணவர் பட்டியல், அந்த நாளுக்கு யாருடைய காப்பீடு என்பதற்கான எழுத்து, ஒவ்வொருவருக்கும் கண்ணாடியும் ஷூ அளவும் முன்கூட்டியே தயாராக வேண்டும். ஷூ அளவைத்தான் எல்லோரும் மறப்பார்கள். மெஷினைத் தொட விடாதீர்கள், அளக்க விடுங்கள். பத்துப் பேருக்கு மேல் வந்தால் பின்னால் நிற்பவர் எதையும் பார்க்காமல் திரும்புவார்.

## 8. தேர்வும் ஆஃபரும் மூன்று நாளுக்குள்

செய்தி வந்த நாளே பதில். பதில் சொல்லும் பொறுப்பு ஒரே ஆளுக்கு, அவர் லீவில் இருந்தால் அடுத்தவர் யார் என்றும் முடிவு செய்யுங்கள்.

நேர்காணலை விட வேலை மாதிரிச் சோதனை நம்பகமானது. 90 நிமிடம் போதும்: 5 பீஸ், ஒரு டிராயிங், ஒரு வெர்னியர், ஒரு மைக்ரோமீட்டர். எல்லாவற்றையும் அளந்து எழுதி, டாலரன்ஸுக்கு வெளியே இருக்கும் ஒன்றைக் கண்டுபிடிக்க வேண்டும். தரப் பிரிவு ஏற்கெனவே அளந்து வைத்த மதிப்போடு ஒப்பிடுங்கள். தவறாக அளந்தவரைக் காரணம் கேளுங்கள். சீரோ எரர் பார்க்க மறந்தேன் என்று தானே சொல்கிறவர், சரியாக ஊகித்தவரை விட மேல். தெரியாத மெஷினை ஓட்டச் சொல்லிச் சோதிப்பது ஆபத்து. வந்து போகும் செலவையும் அரை நாள் கூலியையும் கொடுத்துவிடுங்கள், தேர்வாகாதவருக்கும். அவர் வெளியே போய்ச் சொல்லும் வார்த்தைக்கு அந்தத் தொகை மிகவும் மலிவு.

ஆஃபர் லெட்டர் 48 மணி நேரத்துக்குள் கையில் இருக்க வேண்டும், வேலைத் தாளை அதனோடு இணைத்து. சேரும் நாள் வரை வாரம் ஒரு செய்தி அனுப்புங்கள்: சீருடை அளவு, வர வேண்டிய நேரம், கொண்டுவர வேண்டிய சான்றிதழ்கள். அசல் சான்றிதழை வாங்கி வைத்துக்கொள்ளும் பழக்கம் இருந்தால் இன்றே விடுங்கள். நகல் போதும். அசலைக் கேட்டாலே 'விட மாட்டார்கள்' என்ற பேச்சு பரவிவிடும்.

## 9. முதல் 90 நாள்

முதல் நாள் லாக்கரில் பெயர் ஒட்டியிருக்க வேண்டும், ஷூ அளவாக இருக்க வேண்டும், வேலைத் தாளில் கற்றுத்தருபவர் என்று பெயர் போட்டவர் அன்று லீவில் இருக்கக் கூடாது. முதல் நாள் முழுக்கத் துடைப்பத்தைக் கொடுத்துவிட்டால் அன்று மாலையே தோழனுக்குப் போன் போகும்.

இங்கே தோற்பது பெரும்பாலும் ஒரே காரணத்தால்: கற்றுத்தருபவரின் உற்பத்தி இலக்கைக் குறைக்காமல் விடுவது. பீஸ் கணக்கும் காட்ட வேண்டும், கற்றும் தர வேண்டும் என்றால் அவர் "ஓரமா நின்னு பாரு" என்றுதான் சொல்வார். முதல் மாதம் அவருடைய இலக்கில் கால் பங்கு, அடுத்த இரண்டு மாதம் பத்தில் ஒரு பங்கு குறையுங்கள். அவருக்குக் கற்பிக்கும் படியாக மாதம் 5 கொடுத்து, புதியவர் 90-வது நாள் தாண்டினால் இன்னொரு 15 கொடுங்கள். ஒருவருக்கு மொத்தச் செலவு 30, இலக்குக் குறைப்பு தனி.

7, 30, 60, 90-வது நாட்களில் பத்து நிமிடப் பேச்சு. கேள்வி ஒன்றுதான்: வேலைத் தாளில் எந்த வரி உண்மையாக இல்லை? சூப்பர்வைசர் அல்லாதவர் கேட்கட்டும். 30-வது நாள் பேச்சில் சம்பளச் சீட்டையும் தாளையும் பக்கத்தில் வைத்து ஒவ்வொரு பிடித்தமாக விளக்குங்கள்.

## எவ்வளவு காலம், எந்த வரிசை

எண்ணுவதும் கேட்பதும் 2 வாரம். கூலன்ட், கழிவறை, லாக்கர் 4 வாரம். அதே நேரத்தில் படிக்கட்டுக் கணக்கு. வேலைத் தாள் 7-வது வாரத்தில் தயாராகும், பழைய ஊழியர்களின் சம்பளத் திருத்தம் அதற்கு முந்தைய மாதமே கையில் வந்திருக்க வேண்டும். படமும் பயிற்சி நிலையமும் 8-வது வாரத்துக்குப் பிறகு. முதல் புதியவர் 12-வது வாரத்தை ஒட்டிச் சேர்வார், அவருடைய 90-வது நாள் வரும்போது ஆறு மாதம் ஆகியிருக்கும். அதற்கு முன் பலன் தெரிந்ததா என்று முடிவு செய்ய முடியாது. மூன்றாவது மாதத்தில் "ஒண்ணும் மாறலையே" என்று நிறுத்திவிடுபவர்கள் நிறைய.

ஆறு மாதம் கழித்து முதல் படியின் ஐந்து எண்களைத் திரும்ப எடுங்கள். விசாரித்தவர்கள் குறைந்திருந்தாலும் பயப்பட வேண்டாம். 'கஷ்டமானது' வரி சிலரைத் திருப்பியனுப்பியிருக்கும். பார்க்க வேண்டிய எண், சேர்ந்தவர்களில் 90-வது நாள் இருப்பவர்கள். 11-க்கு 4 என்பது 7-க்கு 5 ஆகியிருந்தால், குறைவான ஆளை எடுத்து அதிக ஆளை வைத்திருக்கிறீர்கள். அப்போது விளம்பரத்துக்குச் செலவழிக்கலாம். ஷிப்டோ சம்பளமோ ஓவர்டைமோ மாறினால் புதுத் தேதியோடு தாளை மாற்றி, கேட்டிலும் பயிற்சி நிலையப் பலகையிலும் ஒட்டியிருக்கும் பழைய தாளை அன்றே எடுத்துவிடுங்கள்.